மிகை வருவாயைப் பிரித்தறிதல்: ஒதுக்கீட்டால் வந்தது எவ்வளவு, தேர்வால் வந்தது எவ்வளவு?

ஒரு பங்கு நிதி ஒரு காலாண்டில் 5.25 சதவீதம் வருவாய் ஈட்டியது என்றும், அதன் பெஞ்ச்மார்க், அதாவது அது தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் குறியீடு, அதே காலாண்டில் 4.00 சதவீதம் ஈட்டியது என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசமான 1.25 சதவீதப் புள்ளிதான் நிதியின் மிகை வருவாய். அந்த 1.25 எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விடைகள் இருக்கலாம். நன்றாக ஏறிய துறைகளில் குறியீட்டைவிட அதிகப் பணத்தையும் சரிந்த துறைகளில் குறைந்த பணத்தையும் நிதி வைத்திருந்திருக்கலாம். இது ஒதுக்கீட்டின் பயன். அல்லது, ஒவ்வொரு துறைக்குள்ளும் சராசரியைவிட நல்ல பங்குகளை மேலாளர் பொறுக்கியிருக்கலாம். இது தேர்வின் பயன். இரண்டும் வெவ்வேறு திறன்கள், பல நிறுவனங்களில் வெவ்வேறு ஆட்களின் பொறுப்பில் இருப்பவை. ஆகவே இவற்றைத் தனித்தனியாக அளக்க ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது.

இன்று பரவலாகப் பயன்படும் கணக்கு, கேரி பிரின்சனும் நிம்ராட் ஃபாக்லரும் 1985-இல் எழுதிய கட்டுரையிலிருந்தும், பிரின்சன் தம்முடைய சகாக்களான ஹூட், பீபவர் ஆகியோருடன் 1986-இல் எழுதிய மற்றொரு கட்டுரையிலிருந்தும் வந்தது. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு சூத்திர வேறுபாடுதான் உண்டு. ஆனால் துறைவாரியாகப் பார்க்கும்போது அந்த வேறுபாடு விடையைத் தலைகீழாக்கக்கூடியது. அதைப் பின்னர் எண்களோடு பார்ப்போம்.

தொடங்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்தக் கணக்கில் பகுதிகளைக் கூட்டினால் மொத்தம் ஏறக்குறைய எப்போதும் சரியாகவே வரும். புதிதாகச் செய்பவர்கள் கூட்டல் பொருந்திவிட்டதைக் கண்டவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மொத்தம் பொருந்தியும் பிரிப்பு முற்றிலும் தவறாக இருக்க முடியும். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி, மொத்தம் காட்டிக்கொடுக்காத பிழைகளைப் பற்றியதாகவே இருக்கும்.

முதற்படி: நான்கு எண்களைத் திரட்டுதல்

ஒவ்வொரு துறைக்கும் நான்கு எண்கள் தேவை: நிதியில் அந்தத் துறையின் எடை (தொழிலில் வெயிட்டேஜ் என்பார்கள்), குறியீட்டில் அதன் எடை, நிதி அந்தத் துறையில் ஈட்டிய வருவாய், குறியீட்டில் அந்தத் துறை ஈட்டிய வருவாய். நம் எடுத்துக்காட்டில் மூன்று துறைகளும் ரொக்கமும் இருக்கின்றன. எல்லா எண்களும் சதவீதத்தில் உள்ளன.

| துறை | நிதி எடை | குறியீட்டு எடை | நிதி வருவாய் | குறியீட்டு வருவாய் |
|---|---|---|---|---|
| தொழில்நுட்பம் | 40 | 30 | 8.0 | 10.0 |
| வங்கி, நிதிச்சேவை | 30 | 40 | 6.0 | 4.0 |
| எரிசக்தி | 20 | 30 | 1.0 | −2.0 |
| ரொக்கம் | 10 | 0 | 0.5 | 0.5 |

இங்கே குறிப்பிடப்படும் எடை, காலத்தின் தொடக்கத்தில் இருந்த எடையாகும். ஒரு துறையின் எடையை அதன் வருவாயால் பெருக்கும்போது, அந்த வருவாய் எந்தப் பணத்தின்மீது கிடைத்ததோ அந்தப் பணத்தின் பங்கைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். காலாண்டின் இறுதி எடையில் அந்த வருவாயே ஏற்கெனவே கலந்துவிட்டிருக்கும். ஏறிய துறையின் எடை தானாகவே பெருத்திருக்கும். கையிருப்புப் பட்டியலை மாத இறுதியில் பதிவிறக்கிப் பழகியவர்கள் இந்தத் தவறைச் செய்வது மிக எளிது. ஒரு மாதத்தின் இறுதிப் பட்டியல்தான் அடுத்த மாதத்தின் தொடக்கப் பட்டியல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: பிரிக்கும் முன்பே இரு மொத்தங்களைச் சரிபார்த்தல்

நிதியின் எடைகளை நிதியின் வருவாய்களால் பெருக்கிக் கூட்டினால் 3.20, 1.80, 0.20, 0.05 ஆகியவை சேர்ந்து 5.25 வருகிறது. குறியீட்டுக்கும் அதேபோலச் செய்தால் 3.00, 1.60, −0.60 ஆகியவை சேர்ந்து 4.00 வருகிறது. இவ்விரண்டும் அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்ட வருவாய்களோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மேலே செல்லக்கூடாது.

நம் நிதியில் தொடக்க எடைக்குப் பதில் இறுதி எடையைப் போட்டிருந்தால் தொழில்நுட்பத்தின் எடை 40-இலிருந்து ஏறக்குறைய 41.05 ஆகியிருக்கும். மற்றவையும் சிறிது மாறி, மொத்தம் 5.25-க்குப் பதில் 5.34 என்று வந்திருக்கும். 0.09 என்னும் இந்தச் சிறு பிசகை எச்சம் என்ற பெயரில் ஒரு வரியாகப் போட்டு மூடிவிடும் பழக்கம் உண்டு. அது நல்ல பழக்கமன்று. எச்சம் எப்போதுமே ஏதோ ஒரு காரணத்தின் தடயம். இறுதி எடை, காலத்தின் நடுவே நடந்த வாங்கல் விற்றல், கட்டணம் ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் அதன் பின்னே இருக்கும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். முதலீட்டாளருக்கு வெளியிடப்படும் வருவாய், மேலாண்மைக் கட்டணம் கழித்த பின் உள்ளது. குறியீட்டுக்கோ கட்டணம் என்பதே இல்லை. துறைவாரியான வருவாய்களும் கட்டணத்துக்கு முந்தியவைதான். ஆகவே பிரிப்பைக் கட்டணத்துக்கு முந்திய வருவாயில் செய்துவிட்டு, கட்டணத்தை இறுதியில் தனி வரியாகக் கழித்துக் காட்டுவதே நேர்மையான வழி. அதைத் தேர்வு விளைவுக்குள் கரைத்துவிட்டால், பங்குகளைப் பொறுக்கியவர் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுவார்.

மூன்றாம் படி: நடுவே ஒரு கற்பனை நிதியை நிறுத்துதல்

சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட, அவற்றின் பின்னுள்ள ஒரே கருத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. குறியீட்டுக்கும் உண்மையான நிதிக்கும் நடுவே ஒரு கற்பனை நிதியை நிறுத்துகிறோம். அது துறைகளுக்கு உண்மையான நிதியின் எடைகளையே தருகிறது. ஆனால் ஒவ்வொரு துறைக்குள்ளும் எந்தப் பங்கையும் பொறுக்காமல், குறியீட்டில் உள்ளபடியே அந்தத் துறையை முழுதாக வாங்குகிறது. அதாவது, ஒதுக்கீட்டு முடிவை எடுத்தவர் தம் வேலையை முடித்துவிட்டார், பங்குகளைப் பொறுக்குபவர் இன்னும் அலுவலகத்துக்கே வரவில்லை என்னும் நிலை அது.

அந்தக் கற்பனை நிதியின் வருவாய் என்ன? தொழில்நுட்பத்தில் 40 சதவீதம் 10-ஆல் 4.00, வங்கியில் 30 சதவீதம் 4-ஆல் 1.20, எரிசக்தியில் 20 சதவீதம் −2-ஆல் −0.40, ரொக்கத்தில் 10 சதவீதம் 0.5-ஆல் 0.05. மொத்தம் 4.85. இப்போது குறியீட்டின் 4.00-இலிருந்து கற்பனை நிதியின் 4.85-க்கு ஏறிய 0.85 ஒதுக்கீட்டு விளைவு. 4.85-இலிருந்து உண்மையான 5.25-க்கு ஏறிய 0.40 தேர்வு விளைவு. இரண்டும் சேர்ந்து 1.25. இந்த நிதியின் மிகை வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் துறை ஒதுக்கீட்டால் வந்தது என்பது இந்த மூன்று எண்களிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

மொத்த அளவில் கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது. எந்தத் துறையில் எவ்வளவு என்று கேட்கும்போதுதான் சூத்திரங்கள் தேவைப்படுகின்றன.

நான்காம் படி: ஒதுக்கீட்டு விளைவைத் துறைவாரியாகப் பிரித்தல்

1986-ஆம் ஆண்டுக் கட்டுரையின் வழியில், ஒரு துறையின் ஒதுக்கீட்டு விளைவு என்பது எடை வேறுபாட்டைக் குறியீட்டில் அந்தத் துறையின் வருவாயால் பெருக்கி வருவது. அந்த வழியில் நம் நிதிக்குத் தொழில்நுட்பம் 1.00, வங்கி −0.40, எரிசக்தி 0.20, ரொக்கம் 0.05 என்று கிடைக்கும். கூட்டினால் 0.85, சரிதான். ஆனால் வங்கியின் வரியைப் பாருங்கள். குறியீட்டின் மொத்த வருவாய் 4.00, வங்கித் துறையின் வருவாயும் 4.00. சராசரியாகவே நடந்துகொண்ட ஒரு துறையில் எடையைக் குறைத்ததால் நிதிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இருந்தும் கணக்கு 0.40 நட்டம் என்கிறது. ரொக்கத்தின் வரி இதைவிட வேடிக்கையானது. சந்தை 4 சதவீதம் ஏறிய காலாண்டில் பத்தில் ஒரு பங்கு பணத்தைச் சும்மா வைத்திருந்ததற்கு 0.05 பாராட்டு கிடைக்கிறது.

1985-ஆம் ஆண்டுக் கட்டுரையின் வழி இதைத் திருத்துகிறது. அதில் எடை வேறுபாட்டை, துறையின் வருவாய்க்கும் குறியீட்டின் மொத்த வருவாய்க்கும் இடையேயான வித்தியாசத்தால் பெருக்குகிறோம். ஒரு துறையில் எடையைக் கூட்டுபவர், அந்தப் பணத்தை மற்ற எல்லாத் துறைகளிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். எனவே அந்தத் துறை ஏறியதா என்பதைவிட, சராசரியைவிட அதிகம் ஏறியதா என்பதே உரிய கேள்வி. இந்த வழியில் தொழில்நுட்பத்துக்கு 10 சதவீதம் 6-ஆல் 0.60, வங்கிக்கு சுழி, எரிசக்திக்கு −10 சதவீதம் −6-ஆல் 0.60, ரொக்கத்துக்கு 10 சதவீதம் −3.5-ஆல் −0.35. கூட்டினால் மறுபடியும் 0.85.

இரு வழிகளும் ஒரே மொத்தத்தைத் தருவது தற்செயல் அன்று. நிதியின் எடைகளும் குறியீட்டின் எடைகளும் தனித்தனியே 100 ஆவதால், எடை வேறுபாடுகளைக் கூட்டினால் சுழிதான் வரும், ஆகவே 4.00 என்னும் மாறா எண்ணை எல்லா வரிகளிலும் கழிப்பதால் மொத்தம் மாறுவதில்லை. மொத்தம் பொருந்துவது பிரிப்பு பொருளுள்ளது என்பதற்குச் சான்றாகாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவே முதல் எடுத்துக்காட்டு. துறைவாரியாகக் காட்டப் போகிறீர்கள் என்றால் 1985-ஆம் ஆண்டு வழியையே பயன்படுத்துங்கள். மற்றதைப் பயன்படுத்த ஒரு நல்ல காரணத்தை நான் இதுவரை கண்டதில்லை.

ஐந்தாம் படி: தேர்வு விளைவும் அதனோடு ஒட்டிவரும் சிக்கலும்

தேர்வு விளைவுக்கு, ஒரு துறையில் நிதி ஈட்டிய வருவாய்க்கும் குறியீட்டில் அந்தத் துறை ஈட்டிய வருவாய்க்கும் உள்ள வித்தியாசத்தை எடையால் பெருக்க வேண்டும். எந்த எடையால் என்பதுதான் கேள்வி. நாம் நடுவே நிறுத்திய கற்பனை நிதியிலிருந்து உண்மையான நிதிக்கு ஏறும்போது எடைகள் ஏற்கெனவே நிதியின் எடைகளாகிவிட்டன. எனவே நிதியின் எடையால் பெருக்கினால், தொழில்நுட்பம் −0.80, வங்கி 0.60, எரிசக்தி 0.60, ரொக்கம் சுழி என்று வந்து, மொத்தம் 0.40 ஆகிறது.

பல மென்பொருள்கள் வேறு விதமாகச் செய்கின்றன. அவை குறியீட்டின் எடையால் பெருக்குகின்றன. ஒதுக்கீடு செய்பவர் விடுப்பில் இருந்து, பங்குகளைப் பொறுக்குபவர் மட்டும் குறியீட்டின் எடைகளுக்குள் வேலை செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை அது அளக்கிறது. அந்த இரண்டாம் கற்பனை நிதியின் வருவாய் 5.10, ஆகவே தேர்வு விளைவு 1.10. ஆனால் 0.85-உம் 1.10-உம் சேர்ந்தால் 1.95 ஆகிறது, உண்மையான மிகை வருவாயோ 1.25 மட்டுமே. மிஞ்சும் −0.70-ஐ ஊடாட்ட விளைவு என்று மூன்றாம் பகுதியாகக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு துறையிலும் எடை வேறுபாட்டை வருவாய் வேறுபாட்டால் பெருக்கினால் இது கிடைக்கும்: தொழில்நுட்பம் −0.20, வங்கி −0.20, எரிசக்தி −0.30.

இந்த −0.70-க்கு ஒரு பொருள் உண்டு. வங்கியிலும் எரிசக்தியிலும் நல்ல பங்குகள் பொறுக்கப்பட்டன, ஆனால் அங்கே பணம் குறைவாக இருந்தது. தொழில்நுட்பத்தில் மோசமான பங்குகள் பொறுக்கப்பட்டன, அங்கேதான் பணம் அதிகமாக இருந்தது. பொறுக்குபவரின் திறமை எங்கெல்லாம் நன்றாக வேலை செய்ததோ அங்கெல்லாம் அவருக்குக் கொடுக்கப்பட்ட பணம் குறைவு. இது உண்மையான தகவல்தான். ஆனால் இதற்கு யார் பொறுப்பு? ஊடாட்டம் என்ற பெயரில் எந்த நிறுவனத்திலும் யாரும் முடிவெடுப்பதில்லை. முதலில் துறை எடைகளைத் தீர்மானித்து, பிறகு அந்தத் தொகைக்குள் பங்குகளைப் பொறுக்கும் நிதியில், பொறுக்குபவர் தமக்குக் கிடைத்த பணத்துக்குப் பொறுப்பானவர்; ஆகவே ஊடாட்டத்தைத் தேர்வுக்குள் சேர்த்து 0.40 என்றே காட்டுவது பொருத்தம் என்பது என் கருத்து.

எதைத் தேர்ந்தாலும் அதை அறிக்கையில் எழுதிவைக்க வேண்டும். ஒரே நிதிக்கு ஒரு அறிக்கை தேர்வு விளைவு 1.10 என்றும் மற்றொன்று 0.40 என்றும் சொல்லும்போது இரண்டுமே கணக்குப் பிழையற்றவையாக இருக்கலாம். அவை வெவ்வேறு கற்பனை நிதிகளோடு ஒப்பிடுகின்றன, அவ்வளவே. சென்ற காலாண்டில் ஒரு வழியும் இந்தக் காலாண்டில் மற்றொரு வழியும் பயன்படுத்துவதுதான் மன்னிக்க முடியாதது.

ஆறாம் படி: விரிதாளில் அமைத்தல்

A நிரலில் துறையின் பெயரையும், B-இல் நிதி எடையையும், C-இல் குறியீட்டு எடையையும், D-இல் நிதி வருவாயையும், E-இல் குறியீட்டு வருவாயையும் 40%, 8.0% என்பதுபோலச் சதவீதக் குறியோடு இட்டு, துறைகளை 2 முதல் 5 வரையுள்ள வரிசைகளில் வைத்தால், தேவைப்படும் சூத்திரங்கள் இவ்வளவுதான்:

```
D6: =SUMPRODUCT(B2:B5, D2:D5)
E6: =SUMPRODUCT(C2:C5, E2:E5)
F2: =(B2-C2)*(E2-$E$6)
G2: =B2*(D2-E2)
H2: =F2+G2
H6: =SUM(H2:H5)-(D6-E6)
```

F ஒதுக்கீட்டையும் G தேர்வையும் தருகின்றன. F2, G2, H2 ஆகியவற்றை 5-ஆம் வரிசை வரை இழுத்துக்கொள்ள வேண்டும். H6 சுழியாக இருக்க வேண்டும். B நிரலும் C நிரலும் தனித்தனியே 100 சதவீதம் ஆகின்றனவா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரொக்கத்தின் வரியை மறந்துவிட்டால் நிதியின் எடைகள் 90-இலேயே நின்றுவிடும்.

நம் நிதியில் H நிரல் தொழில்நுட்பத்துக்கு −0.20, வங்கிக்கு 0.60, எரிசக்திக்கு 1.20, ரொக்கத்துக்கு −0.35 என்று காட்டும். தொழில்நுட்பத்தின் வரிதான் மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தருகிறது. அந்தத் துறையில் எடையைக் கூட்டிய முடிவு சரியானது, அது 0.60 தந்தது, ஆனால் உள்ளே பொறுக்கிய பங்குகள் 0.80-ஐத் தின்றுவிட்டன. மிகை வருவாயை மொத்தமாக மட்டும் பார்த்திருந்தால், சந்தையின் மிக நல்ல துறையில் அதிகப் பணம் வைத்திருந்த நிதி அதே துறையில் குறியீட்டுக்குப் பின்தங்கியது என்பது கண்ணில் பட்டிருக்காது.

ஏழாம் படி: மொத்தம் காட்டாத பிழைகளைத் தேடுதல்

முதலாவது, வெற்றுக் கட்டங்கள். ரொக்கம் குறியீட்டில் இல்லை. ஆகவே அதற்குக் குறியீட்டு வருவாய் என்று ஒன்று இல்லை. மேலே உள்ள அட்டவணையில் நிதியின் சொந்த ரொக்க வருவாயான 0.5-ஐயே அந்தக் கட்டத்திலும் இட்டிருக்கிறேன். அதனால் ரொக்கத்தின் விளைவு முழுவதும் ஒதுக்கீட்டில் சேர்கிறது. ரொக்கம் வைத்திருப்பது ஒதுக்கீட்டு முடிவுதானே. அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டால் விரிதாள் அதைச் சுழி என்று எடுத்துக்கொள்ளும். அப்போது ஒதுக்கீடு −0.40 என்றும் தேர்வு 0.05 என்றும் மாறும். மொத்தம் அதே −0.35, H6-உம் சுழியாகவே இருக்கும்.

இதன் மறுபக்கம் இன்னும் ஏமாற்றக்கூடியது. நிதி எரிசக்தியில் ஒரு பங்குகூட வைத்திருக்கவில்லை என்று கொள்வோம். அப்போது D நிரலில் எரிசக்திக்கு இட எண் எதுவும் இல்லை. நிதியின் எடையால் பெருக்கும் நம் வழியில் எடையே சுழி என்பதால் தீங்கில்லை. ஆனால் மூன்று பகுதிகளாகப் பிரிக்கும் வழியில் வெற்றுக் கட்டம் சுழியாகி, தேர்வு விளைவு 30 சதவீதம் 2-ஆல் 0.60 என்றும், ஊடாட்டம் −0.60 என்றும் காட்டும். வாங்கவே வாங்காத துறையில் சிறப்பாகப் பங்கு பொறுக்கியதாகப் பாராட்டு! இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் மொத்தம் எதையும் சொல்லாது. நானே ஒருமுறை இத்தகைய வரியைக் கவனிக்காமல் அறிக்கையில் விட்டு, கூட்டத்தில் மேலாளர் ஒருவர் "அந்தத் துறையில் நாங்கள் எதையும் வைத்திருக்கவில்லையே" என்று சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போதிருந்து, நிதியின் எடை சுழியாக உள்ள எல்லா வரிகளிலும் நிதி வருவாய்க்குப் பதில் குறியீட்டு வருவாயையே இட்டுவிடுகிறேன்.

இரண்டாவது, துறை வகைப்பாட்டில் வரும் பொருத்தமின்மை. நிதியின் பட்டியலும் குறியீட்டின் பட்டியலும் ஒரே பங்கை ஒரே துறையில் வைத்திருக்க வேண்டும். 2018 செப்டம்பர் இறுதியில், எம்.எஸ்.சி.ஐ. நிறுவனமும் எஸ் அண்ட் பி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் துறை வகைப்பாட்டில் தகவல்தொடர்புச் சேவைகள் என்ற துறை விரிவாக்கி அமைக்கப்பட்டது. ஆல்ஃபபெட், ஃபேஸ்புக் ஆகியவை தகவல் தொழில்நுட்பத்திலிருந்தும், நெட்ஃபிளிக்ஸ் விருப்ப நுகர்வுத் துறையிலிருந்தும் அதற்கு மாற்றப்பட்டன. இப்படியொரு மாற்றத்துக்குப் பின் குறியீட்டின் பட்டியல் மட்டும் புதுப்பிக்கப்பட்டு, நிதியின் பட்டியல் பழைய வகைப்பாட்டிலேயே இருந்தால், நிதி தொழில்நுட்பத்தில் எடையைக் கூட்டியிருப்பதாகவும் தகவல்தொடர்பில் குறைத்திருப்பதாகவும் கணக்கு காட்டும். யாரும் எடுக்காத முடிவுக்கு ஒரு ஒதுக்கீட்டு விளைவு பிறக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. நிதியின் இடத்தில் குறியீட்டின் கையிருப்பையே, உங்களுடைய பங்கு–துறைப் பட்டியலின் வழியாக, ஏற்றிப் பாருங்கள். எல்லாத் துறைகளிலும் எல்லா விளைவுகளும் சுழியாக வர வேண்டும். எங்கே சுழி வரவில்லையோ அங்கே ஒரு பங்கு தவறான துறையில் உட்கார்ந்திருக்கிறது.

எட்டாம் படி: காலாண்டுகளைக் கோத்தல்

அடுத்த காலாண்டில் நிதி 2.00 சதவீதமும் குறியீடு 3.00 சதவீதமும் ஈட்டின என்றும், −1.00 ஆன மிகை வருவாய் ஒதுக்கீட்டில் −0.30, தேர்வில் −0.70 என்று பிரிந்தது என்றும் கொள்வோம். அரையாண்டுக்கு என்ன விடை? விளைவுகளை அப்படியே கூட்டினால் 1.25-உம் −1.00-உம் சேர்ந்து 0.25. ஆனால் வருவாய்கள் கூட்டுவட்டிபோல் பெருகுகின்றன. நிதியின் அரையாண்டு வருவாய் 7.355, குறியீட்டினுடையது 7.120, வித்தியாசம் 0.235. 0.015 என்னும் இடைவெளி சிறியதுதான். ஆனால் பல ஆண்டுகளுக்கு மாதக் கணக்கில் செய்யும்போது வளர்ந்துவிடும்.

இதற்குப் பல தீர்வுகள் உள்ளன. கரீன்யோ 1999-இல் தந்த மடக்கைவழித் தீர்வு மென்பொருள்களில் பரவலாக உள்ளது. கையால் செய்து புரிந்துகொள்ள எளிதான வழி வேறு: முதற்காலாண்டில் சம்பாதித்த விளைவு, இரண்டாம் காலாண்டில் குறியீட்டின் வருவாயோடு வளர்கிறது, இரண்டாம் காலாண்டின் விளைவு, முதற்காலாண்டில் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நிதியின்மீது செயல்படுகிறது. ஆகவே முதற்காலாண்டின் விளைவுகளை 1.03-ஆலும், இரண்டாம் காலாண்டின் விளைவுகளை 1.0525-ஆலும் பெருக்க வேண்டும். ஒதுக்கீடு 0.8755-இலிருந்து 0.3158-ஐக் கழித்து 0.560. தேர்வு 0.412-இலிருந்து 0.7368-ஐக் கழித்து −0.325. இரண்டும் சேர்ந்து 0.235, வித்தியாசம் முழுவதும் விளங்கிவிட்டது. முதற்காலாண்டில் 0.40 என்று நன்றாகத் தெரிந்த தேர்வு விளைவு அரையாண்டில் எதிர்மறையாகிவிட்டதையும் கவனியுங்கள். ஒரு காலாண்டின் பிரிப்பை வைத்துத் திறமையைப் பற்றிப் பேசத் தொடங்குவது எவ்வளவு அவசரமானது என்பது இதில் தெரியும்.

இந்தக் கணக்கு பொருந்தாத இடங்கள்

இதுவரை சொன்ன அனைத்தும் ஒரு கருதுகோளின்மீது நிற்கின்றன: நிதி உண்மையிலேயே முதலில் துறைகளுக்குப் பணத்தை ஒதுக்கி, பின்னர் அதற்குள் பங்குகளைத் தேர்கிறது. துறையைப் பற்றியே கவலைப்படாமல், பங்கு பங்காக ஆராய்ந்து வாங்கும் மேலாளருக்குத் துறை எடை என்பது அவர் எடுத்த முடிவன்று. வாங்கிய பங்குகள் தற்செயலாக எங்கே குவிந்தன என்பதன் விளைவு. அவருக்கு 0.85 ஒதுக்கீட்டு விளைவைக் காட்டினால் எண் சரியாகவும் பெயர் தவறாகவும் இருக்கும். மேலாளர் நாடுவாரியாக முடிவெடுப்பவர் என்றால், துறைகளுக்குப் பதில் நாடுகளை வரிகளாக வைத்துச் செய்ய வேண்டும். அதே நிதிக்கு அப்போது முற்றிலும் வேறு பிரிப்பு வரும்.

கடன்பத்திர நிதிகளில் இந்த முறையின் பயன் மிகவும் குறைவு. அங்கே மேலாளர் எடுக்கும் பெரிய முடிவு வட்டி விகிதம் மாறினால் நிதியின் மதிப்பு எவ்வளவு அசையும் என்பதைப் பற்றியது. அரசுப் பத்திரம், நிறுவனப் பத்திரம் என்று துறைகளாகப் பிரித்தால் அந்த முடிவின் பலன் எல்லா வரிகளிலும் சிதறித் தேர்வு விளைவுக்குள் ஒளிந்துகொள்ளும். நீண்ட காலப் பத்திரங்களை வைத்திருந்ததால் மட்டுமே வட்டி குறைந்தபோது ஆதாயம் கண்ட நிதி, சிறந்த பத்திரங்களைப் பொறுக்கிய நிதியைப் போலத் தோன்றும். அங்கே முதலில் வட்டி விகித அசைவின் பங்கைத் தனியே பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சியதை மட்டுமே இந்த முறைக்குள் கொண்டுவர வேண்டும்.